முகம் மாற்றிய படம்: புகார் செய்து நீக்கியவர்களின் அனுபவம் தேவை

நொய்யல்கரை (திருப்பூர்): பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் என் சித்தி மகளின் முகத்தை, ஒரு சீர் வீட்டுப் படத்திலிருந்து வெட்டியெடுத்து, ஆடையற்ற வேறோர் உடலில் பொருத்தி, அவள் பெயரிலேயே தொடங்கிய போலி இன்ஸ்டாகிராம் கணக்கில் போட்டுவிட்டார்கள். பதிவிலேயே ரிப்போர்ட் கொடுத்தோம். விதிமீறல் எதுவுமில்லை என்று பதில் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

கோபிக்காரன்: உடனே 1930-க்கு அழையுங்கள். லிங்கைச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பி, நூறு பேரை ரிப்போர்ட் அடிக்கச் சொன்னால் தானாகப் போய்விடும்.

பவானி வக்கீல் குமாஸ்தா: தம்பி, லிங்கை அனுப்பினால் பார்க்காதவர்களும் பார்ப்பார்கள். 1930 முதன்மையாகப் பணமோசடிக்கான எண்.

நொய்யல்கரை, முதலில் ஆதாரத்தைச் சேமியுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. பதிவின் முழு முகவரி, கணக்கின் முகவரி, பார்த்த தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கின் பெயரை அவன் நாளையே மாற்றலாம், ஆனால் பதிவின் முகவரி பெரும்பாலும் அப்படியே இருக்கும். முகம் எடுக்கப்பட்ட அசல் படத்தையும் கைவசம் வையுங்கள். மாற்றப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

அடுத்து, ரிப்போர்ட் பொத்தானை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு அவளே எழுத்தில் புகார் அனுப்பட்டும். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(b) பிரிவு, நிர்வாணப் படங்களோடு செயற்கையாக மாற்றப்பட்ட படங்களையும் சேர்த்தே சொல்கிறது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று அது அப்போது விதித்தது. அந்தப் பிரிவின் எண்ணைப் புகாரில் அப்படியே எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், 30 நாட்களுக்குள் gac.gov.in தளத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

காவல்துறைப் புகாருக்கு cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். பெயர் சொல்லாமலும் அங்கே புகார் கொடுக்கலாம், ஆனால் அதன் நிலையைப் பின்தொடர முடியாது என்பதால் பெயரோடு கொடுப்பதே என் யோசனை.

ஆனைமலை: கடன் செயலி ஒன்று என் முகத்தை அப்படி மாற்றி, போனிலிருந்த எண்களுக்கெல்லாம் அனுப்பியது. பணம் கட்டினேன், மறுபடியும் கேட்டார்கள். கட்டிய பணம் திரும்ப வருமா?

பவானி வக்கீல் குமாஸ்தா: அண்ணா, உங்களுக்குத்தான் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

ஈரோடு செல்வி: எனக்கு stopncii.org தளம் உதவியது. அங்கே படத்தைப் பதிந்தாலும் அது நம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போகும், அதே படம் மறுபடி ஏறினால் அவை கண்டுகொள்ளும். ஆனால் ஓரத்தை வெட்டியோ எழுத்துச் சேர்த்தோ போட்டால் தப்பிவிடக்கூடும் என்பதால், கண்ணில் படும் ஒவ்வொரு வடிவத்தையும் தனியாகப் பதிய வேண்டியிருந்தது. அது பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே.

நொய்யல்கரை: குறைதீர் அலுவலருக்கு அவள் எழுதினாள், பதிவு போய்விட்டது. ஆனால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அந்தப் படம் இன்னும் சுற்றுகிறது.

ஈரோடு செல்வி: அங்கே அந்த அடையாளம் வேலை செய்யாது அக்கா. அனுப்பியவரின் எண் தெரிகிறபடி படமெடுத்து, அதே காவல் புகாரில் சேருங்கள். ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்டவர்களின் போனிலிருந்து எப்படி அழிப்பது என்பதற்கு எனக்கும் வழி கிடைக்கவில்லை.