முதலாம் அத்தியாயம் 9ஆம் பக்கத்தில் நிற்கிறது, 1 ஆக்குவது எப்படி?

ஹட்டன் பொடியன்
டிப்ளோமா அறிக்கையை நாளை மறுநாள் கொடுக்க வேண்டும். தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்தின் ஈரப்பதத்தை அளக்கும் கருவிதான் எங்கள் புரொஜெக்ட். சேர் இரண்டு பிழைகளை வட்டமிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். நன்றியுரை சான்றிதழுக்கு முன்னால் இருந்தது, அதை மாற்றிவிட்டேன். முதலாம் அத்தியாயம் 9ஆம் பக்கத்தில் தொடங்குவதைத்தான் மாற்ற முடியவில்லை. Word இல் Start at 1 கொடுத்தால் தலைப்புப் பக்கம்தான் 1 ஆகிறது.

பதுளை ரவி
முன்பக்கங்களைத் தனி ஃபைலாக வெட்டி வை தம்பி. இரண்டையும் தனித்தனியாக பிரின்ட் எடுத்தால் முடிந்தது.

கொட்டகலை அக்கா
அப்படிச் செய்தால் பொருளடக்கம் அத்தியாயங்களை எடுக்காது ரவி, எல்லாவற்றையும் கையால் அடிக்க வேண்டிவரும். தம்பி, உங்கள் முன்பகுதியில் என்னென்ன இருக்கிறது?

ஹட்டன் பொடியன்
தலைப்பு, சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, சுருக்கம், பொருளடக்கம் இரண்டு பக்கம், படங்களின் பட்டியல்.

கொட்டகலை அக்கா
மொத்தம் எட்டுப் பக்கம். அதனால்தான் அத்தியாயம் 9இல் நிற்கிறது. அந்த எட்டும் i முதல் viii வரை போக வேண்டும். தலைப்புப் பக்கம் i என்று எண்ணப்படும், ஆனால் அந்த எண் அச்சாகாது.

படங்களின் பட்டியல் முடிவில் Layout > Breaks > Next Page கொடுங்கள். அங்கே பழைய Page Break இருந்தால் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வெற்றுப் பக்கம் வரும். அப்புறம் அத்தியாயத்தின் அடிப்பகுதியை இரட்டைச் சொடுக்கு செய்து, முதலில் Link to Previous ஐ நிறுத்துங்கள். இதை விட்டுவிட்டால், இந்த அடிப்பகுதியில் எழுதுவதும் அழிப்பதும் முன்பகுதியிலும் போய் விழும். அதற்குப் பிறகுதான் Format Page Numbers இல் Start at 1. முன்பகுதிக்குப் போய் i, ii வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள். கடைசியாக, பொருளடக்கத்தில் Update entire table.

நுவரெலியா நிஷா
சான்றிதழ் என்றால் டிப்ளோமா முடித்ததும் தருவதா? எனக்கு இன்னும் வரவில்லையே.

கொட்டகலை அக்கா
இல்லை தங்கச்சி, இது உங்கள் வேலைதான் என்று மேற்பார்வையாளர் ஒப்பமிடும் தாள். ஒப்பம் வாங்கிய தாளைப் பைண்டிங்கில் சேர்ப்பதாக இருந்தாலும் ஃபைலில் அதற்கு ஒரு பக்கம் விடுங்கள். நான் விடாமல் போய், அடுத்த பக்கம் தொடங்கி எல்லா எண்ணும் ஒன்று குறைந்து, திரும்ப பிரின்ட் எடுத்தேன்.

ஹட்டன் பொடியன்
அக்கா, சரியாக வந்துவிட்டது! ஆனால் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் மட்டும் எண் இல்லை. அடுத்த பக்கத்தில் 2 இருக்கிறது.

கொட்டகலை அக்கா
தலைப்புப் பக்கத்துக்காக Different First Page போட்டிருப்பீர்கள். பிரிவு உடைத்ததும் அது அத்தியாயத்துக்கும் சேர்ந்து வந்திருக்கும். அங்கே மட்டும் எடுத்துவிடுங்கள்.

பதுளை ரவி
எங்கள் கல்லூரியில் சுருக்கம் நன்றியுரைக்கு முன்னால் வந்ததே?

கொட்டகலை அக்கா
அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தம்பி, உங்களுக்குத் தந்த மாதிரித் தாளில் எது முதலில் இருக்கிறது?

ஹட்டன் பொடியன்
அந்தத் தாள் நண்பனிடம். காலையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரின்ட்டுக்குக் கொடுப்பேன்.