ஒரே பங்கு, மூன்று பீட்டா: எங்கே தப்பு செய்கிறேன்?

புதுக்கணக்கு

ஒரு சிறிய நிறுவனப் பங்கின் பீட்டாவை, அதாவது சந்தை 1% நகர்ந்தால் பங்கு எத்தனை சதவீதம் நகர்கிறது என்பதை, நானே போட்டுப் பார்க்கிறேன். 501 நாள் முடிவு விலை, அதே நாட்களின் சந்தைக் குறியீடு. இரண்டுக்கும் தினசரி சதவீத மாற்றம் எடுத்ததில் 500 வரிசை வந்தது. C-யில் பங்கின் மாற்றம், E-யில் குறியீட்டின் மாற்றம். எக்செல்லில் இப்படிப் போட்டேன்:

```
=SLOPE(E3:E502, C3:C502)
```

விடை 0.10. ஆனால் ஒரு தகவல் தளம் இதே பங்குக்கு 1.01 காட்டுகிறது. பத்து மடங்கு வித்தியாசம்! என்னிடம் உள்ள மற்ற பங்குகள் எல்லாம் சந்தையோடு சேர்ந்து ஆடுபவை. ஆடாத ஒன்று வேண்டும் என்றுதான் இதைத் தேடிப் பிடித்தேன். 0.10 சரியென்றால் மகிழ்ச்சி, 1.01 சரியென்றால் வாங்கிப் பயனில்லை.

கோடும்புள்ளியும்

SLOPE-இல் முதலில் வரவேண்டியது y, அதாவது பங்கு. நீங்கள் குறியீட்டை முதலில் கொடுத்திருக்கிறீர்கள். பங்கை வைத்துச் சந்தையைக் கணிக்கிற சாய்வு வந்திருக்கிறது. மாற்றிப் போட்டு, பங்கின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பகுதி சந்தையோடு சேர்ந்தது என்று காட்டும் RSQ-வும் கூடவே பாருங்கள்.

```
=SLOPE(C3:C502, E3:E502)
=RSQ(C3:C502, E3:E502)
```

இரண்டு சாய்வையும் பெருக்கினால் RSQ வரவேண்டும். வந்தால் மாறிப்போனது மட்டும்தான் தப்பு.

புதுக்கணக்கு

அட, ஆமாம். இப்போது 0.40. RSQ 0.04. பெருக்கினால் சரியாக வருகிறது, நன்றி. ஆனாலும் 1.01-க்குப் பக்கத்தில்கூட இல்லையே. சும்மா வாரக் கடைசி விலைகளை மட்டும் எடுத்து 104 வாரத்துக்கும் போட்டேன். அது 1.02! ஒரே பங்கு, ஒரே இரண்டு வருடம். எதை நம்புவது?

மெதுவாகப்போ

நான் தினசரியைத்தான் நம்புவேன். 500 புள்ளி எங்கே, 104 எங்கே. புள்ளி கூடினால் சாய்வு துல்லியமாகும். 0.40 என்றால் சந்தை 10% விழும்போது உங்கள் பங்கு 4% விழும், அவ்வளவுதான். தைரியமாக வாங்கலாம்.

ஊஞ்சல்

எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் ஆனது. கடைசியில் பார்த்தால், பங்கை இரண்டாகப் பிரித்த நாளில் விலை பாதியானதை நான் சரிசெய்யவே இல்லை. ஒரே நாளில் -50% என்று ஒரு புள்ளி ஒற்றையாகக் கீழே கிடந்தது. அந்த நாளில் சந்தை கொஞ்சம் ஏறியிருந்ததால் கோடே சாய்ந்துவிட்டது. படம் வரைந்து பாருங்கள்.

புதுக்கணக்கு

வரைந்தேன், அப்படி எதுவும் இல்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. பங்கின் மாற்றம் 0 என்ற கோட்டின் மேலேயே நிறையப் புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் 61 நாள்.

மெதுவாகப்போ

அப்போது அந்த 61 வரிசையை நீக்கிவிட்டுப் போடுங்கள். வியாபாரம் நடக்காத நாளை ஏன் சேர்க்க வேண்டும்?

கோடும்புள்ளியும்

நீக்க வேண்டாம், பொறுங்கள். விஷயமே அந்த 61-இல்தான் இருக்கிறது. சந்தை பலமாக விழுந்து, பங்கு அசையாமல் இருந்த ஒரு நாளையும் அதற்கு அடுத்த நாளையும் இங்கே போட முடியுமா?

புதுக்கணக்கு

ஒன்று கிடைத்தது. முதல் நாள் குறியீடு -2.4%, பங்கு 0. மறுநாள் குறியீடு +0.3%, பங்கு -3.1%.

கோடும்புள்ளியும்

இதுதான். அன்று இந்தப் பங்கில் யாரும் வியாபாரம் செய்யவில்லை, அல்லது கடைசி வியாபாரம் காலையிலேயே முடிந்திருக்கும். முடிவு விலை என்று நீங்கள் எடுத்தது பழைய விலை. சந்தையின் வீழ்ச்சி மறுநாள்தான் விலையில் ஏறுகிறது. உங்கள் அட்டவணையில் முதல் நாள் ‘சந்தை விழுந்தது, பங்கு அசையவில்லை’ என்றும், மறுநாள் ‘சந்தை ஏறியது, பங்கு விழுந்தது’ என்றும் பதிவாகிறது. இரண்டு புள்ளியுமே கோட்டைப் படுக்க வைக்கின்றன. வாரக் கணக்கில் அந்த இரண்டு நாளும் பெரும்பாலும் ஒரே வாரத்துக்குள் அடங்கிவிடும், அதனால் சாய்வு நிமிர்கிறது.

0 நாளை மட்டும் நீக்கினால் மறுநாளின் -3.1% அப்படியே நிற்கும். அதற்கு எதிரே இருப்பது +0.3% மட்டும். நீக்கத்தான் வேண்டுமென்றால், வியாபாரம் நடந்த நாளிலிருந்து அடுத்து நடந்த நாள் வரை குறியீட்டின் மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இன்னொரு வழி, 1979-இல் டிம்சன் என்ற நிதி ஆய்வாளர் சொன்னது. இன்றைய சந்தை மாற்றத்தோடு, நேற்றையதையும் முந்தாநாளையதையும் தனிப் பத்திகளாக வைத்து, மூன்று சாய்வையும் கூட்டுவது. F-இல் நேற்றையது, G-யில் முந்தாநாளையது வைத்து:

```
=LINEST(C5:C502, E5:G502)
```

ஒரு எச்சரிக்கை, விடை தலைகீழாக வரும். முதலில் முந்தாநாள், கடைசியில் மாறிலி. மாறிலியைக் கூட்டிவிடாதீர்கள்.

புதுக்கணக்கு

இன்று 0.39, நேற்று 0.36, முந்தாநாள் 0.19. மொத்தம் 0.94. நேற்றைய சந்தைக்கு இன்றைய சந்தை அளவுக்கே பலம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

மெதுவாகப்போ

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 104 புள்ளியை வைத்து 1.02 என்று இரண்டு தசமம் சொல்வது அதிகம் இல்லையா?

கோடும்புள்ளியும்

அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வாரக் கணக்கின் திட்ட விலக்கங்களைக் கொடுத்தால் போட்டுப் பார்க்கலாம்.

புதுக்கணக்கு

பங்கு 5.0%, குறியீடு 2.2%, ஒட்டுறவு 0.45.

கோடும்புள்ளியும்

சாய்வின் திட்டப்பிழை சுமார் 0.20 வருகிறது. இரு பக்கமும் அதன் இரண்டு மடங்கு விட்டால், உண்மையான பீட்டா 0.6 முதல் 1.4 வரை எங்கும் இருக்கலாம். தினசரிக் கணக்கில் திட்டப்பிழை 0.09தான், ஆனால் குறி வைத்ததே தப்பான இடம். துல்லியமாகத் தவறுவது என்பார்களே, அது.

தளத்தின் 1.01-ஐப் பொறுத்தவரை ஓர் ஊகம்: பல இடங்களில் கிடைத்த பீட்டாவை 0.67-ஆல் பெருக்கி 0.33 கூட்டி 1-ஐ நோக்கி இழுத்துக் காட்டுவார்கள். உங்கள் 1.02-ஐ அப்படிச் செய்தால் 1.01 வரும். ஆனால் 1-க்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இது எதையும் நிரூபிக்காது.

ஊஞ்சல்

அப்போது சந்தை அளவுக்குத்தான் ரிஸ்க் என்று எடுத்துக்கொள்ளலாமா? என்னுடையதும் 1 பக்கம்தான்.

கோடும்புள்ளியும்

சந்தையோடு சேர்ந்து வரும் பகுதி மட்டும் சந்தை அளவு. ஒட்டுறவு 0.45 என்றால் RSQ 0.20. அதாவது இவருடைய பங்கின் வார ஏற்ற இறக்கத்தில், வர்க்கக் கணக்கில், ஐந்தில் நான்கு பங்கு சந்தைக்குச் சம்பந்தமில்லாதது. குறியீடு அசையாத வாரத்திலும் இது தன் பாட்டுக்கு 4.5% அளவுக்கு ஆடும். இருபது பங்கில் ஒன்றாக, சிறு தொகையாக வைத்திருந்தால் அந்த ஆட்டம் மற்றவற்றோடு கலந்து பெரும்பாலும் அடங்கிவிடும், பீட்டாதான் மிஞ்சும். பணத்தில் மூன்றில் ஒரு பகுதியை இதில் போட்டால் பீட்டாவைவிட இதுதான் பெரிய கவலை. புதுக்கணக்கு, எவ்வளவு போடுவதாக இருந்தீர்கள்?

புதுக்கணக்கு

பாதி.

கோடும்புள்ளியும்

அந்த -2.4% நாளில் நீங்கள் விற்க நினைத்திருந்தால் வாங்க ஆள் இருந்திருக்குமா என்று அன்றைய வியாபார எண்ணிக்கையைப் பாருங்கள்.

புதுக்கணக்கு

பார்த்தேன். சுழி. 0.40 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. முழுத் தொகையை நிறுத்திவிட்டேன். சின்னதாக ஒன்று வாங்கலாமா என்று மட்டும் யோசிக்கிறேன். அப்புறம் ஒரு சந்தேகம்: டிம்சன் கணக்கில் இரண்டு நாள் பின்னால் போனோம், ஐந்து நாள் போனால்?

கோடும்புள்ளியும்

ஒவ்வொரு பத்தியும் தன் பிழையையும் கூட்டிக்கொண்டு வரும். எங்கே நிறுத்துவது என்பதில் எனக்கே ஒரு நிலையான விதி இல்லை. முந்தாநாளின் 0.19-க்கே திட்டப்பிழை 0.09 பக்கம் இருக்கும், மூன்றாம் நாளைப் போட்டு எண்ணைச் சொல்லுங்கள்.