புதுப்பிப்பு: இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்திய கதை

"தமிழ் அறிக்கையின் இயந்திர ஆங்கிலத்தை இயல்பாக்க வேண்டும், ஓர் எண்ணோ கூற்றோ மாறக்கூடாது. எப்படி?"

முன்பு இங்கே இப்படிக் கேட்டிருந்தேன். உங்கள் பதில்களை வைத்து வேலையை முடித்துவிட்டேன். எண்களை ஒப்பிட்டால் போதும் என்றவர் சொன்னது பாதி சரி. 'ஒன்றரைக் கோடி' ஒரு கோடியாகச் சுருங்கியிருந்தது அப்படித்தான் சிக்கியது. 15 மில்லியன் என்று திருத்தினேன். ஆனால் வினைமுற்றைப் பாருங்கள் என்ற மூத்த மொழிபெயர்ப்பாளரே என்னைக் காப்பாற்றினார். மூலத்தில் 'பயிர்கள் அழிந்ததாகக் கூறப்படுகிறது'. ஆங்கிலத்திலோ வெறும் 'அழிந்தன'. வாக்கியம் சரளமாக ஓடியதால் நானும் அதையே மெருகேற்றி, உறுதியாகாத செய்தியை உண்மையாக்கியிருந்தேன்! பிறகு மூலத்தில் 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'சுமார்' அனைத்தையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் இணை தேடினேன். நான்கு விடுபட்டிருந்தன.



'இரண்டு மடங்கு அதிகரித்தது' மட்டும் தீரவில்லை. இரட்டிப்பா, மும்மடங்கா? அறிக்கையை எழுதியவரிடம் கேட்டிருக்கிறேன்.