அம்மாவுக்கு வயது 72, ஆதாரில் 56: முதியோர் உதவித்தொகைக்கு அலைந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்பளத்து மகன்

முதியோர் உதவித்தொகை எப்படி விண்ணப்பிப்பது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். அம்மா வீட்டில் பிறந்தவர், பள்ளிக்கூடம் போனதில்லை, பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1952 கார்த்திகைப் புயல் அடித்த இரவில் பாட்டி நிறைமாதமாக இருந்தாராம். தை பிறந்ததும் அம்மா பிறந்தார். ஆக 1953. ஆதாரில் இருப்பதோ 01/01/1969.

இந்த 1969 எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தேன். 1996-இல் எழுதிய குடும்ப அட்டையில் அம்மாவின் வயது 43 என்று சரியாகவே இருந்தது. அட்டை மாறியபோது யாரும் வயதைத் திருத்தவில்லை, அதே 43-ஐ நகலெடுத்துவிட்டார்கள். 2012-இல் ஊரில் ஆதார் முகாம் போட்டபோது அந்த அட்டையைப் பார்த்து 43 என்று தட்டினார்கள். 2012-இலிருந்து 43-ஐக் கழித்தால் 1969. என் அம்மா பதினாறு ஆண்டுகள் இளமையானது இப்படித்தான்.

இ-சேவை மையத்தில் பதிந்த விண்ணப்பம், வயது அறுபது நிறையவில்லை என்று திரும்பி வந்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் திரையைப் பார்த்து, "ஐம்பத்தாறுதான் ஆகிறது, இன்னும் நாலு வருடம் கழித்து வாருங்கள் அம்மா" என்றார். அம்மா என் அக்காவின் பள்ளி மாற்றுச் சான்றிதழை மேசையில் வைத்தார். பிறந்த ஆண்டு 1976. "சாமி, நான் அறுபத்தொன்பதில் பிறந்தேன் என்றால் இவளை ஏழு வயதிலா பெற்றேன்?" என்று கேட்டார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் கணினி ஏற்காது" என்றார். அந்தச் சிரிப்புதான் இன்னும் என்னை உறுத்துகிறது. பொய் என்று அவருக்குத் தெரிகிறது, ஆனாலும் பொய்தான் செல்லுகிறது.

வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

கொடுமுடி ராசாத்தி

பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் இனி எதுவும் நடக்காது. 2023-இல் சட்டமே வந்துவிட்டது. பள்ளி, ஓட்டுநர் உரிமம், ஆதார், எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஒரே ஆதாரம். என் மாமியாருக்கு விண்ணப்பிக்கப் போய் இதைத்தான் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர் படியிறங்கும்போது, "நான் பிறந்தேனா இல்லையா என்றே இவர்களுக்குச் சந்தேகமா?" என்று கேட்டார். நாங்கள் அதோடு விட்டுவிட்டோம்.

ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர்

ராசாத்தி அம்மா, உங்களைத் திருப்பி அனுப்பியவர் சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார். அந்தத் திருத்தம் 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழே ஒரே ஆதாரம் என்பது அந்தத் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு. உங்கள் மாமியாருக்கு அது பொருந்தாது. விட்டுவிடாதீர்கள், மறுபடி விண்ணப்பியுங்கள்.

உப்பளத்துத் தம்பிக்கு வருகிறேன். உங்கள் சிக்கல் சான்றிதழ் இல்லாதது மட்டுமல்ல. தவறான தேதி ஒன்று ஏற்கெனவே குடியேறிவிட்டது. ஆதாரில் வெறும் வயதைச் சொன்னவர்களுக்குப் பெரும்பாலும் ஜனவரி 1 என்றுதான் விழும். ஆகவே 01/01 என்று பார்த்தாலே அது ஊகம் என்று அனுபவமுள்ள கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும். அவர் தன் விசாரணை அறிக்கையில் நேரில் பார்த்த வயதை எழுதலாம்தான். ஆனால் ஆதார் அறுபதுக்குக் கீழே காட்டும்போது, அந்த அறிக்கையை மட்டும் நம்பி உத்தரவு போட தனி வட்டாட்சியர் தயங்குவார். நாளைக்குத் தணிக்கையில் அவர் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

பலரும் ஒரு கட்டுக் காகிதத்தோடு வருவார்கள். ஸ்மார்ட் குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை எல்லாவற்றிலும் 1969 என்றே இருக்கும். அவை எல்லாமே ஆதாரிலிருந்து எடுத்தவை. ஒன்றையே ஐந்து முறை சொல்வதால் அது ஐந்து சாட்சி ஆகாது. ஆதாருக்கு முந்தைய காகிதம் ஒன்று வேண்டும். பழைய வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று பெட்டியைப் புரட்டுங்கள். தொண்ணூறுகளில் கொடுத்த அட்டையில் பிறந்த தேதி இருக்காது, "1.1.1995 அன்று வயது" என்று இருக்கும். அதிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்திருந்தால் பழைய வாக்காளர் பட்டியல் இருக்கிறது. 2025 நவம்பரில் தீவிரத் திருத்தத்துக்காக எல்லோரும் தேடினார்களே, அந்த 2002, 2005 பட்டியல்கள்தாம். அவற்றிலும் வயது இருக்கும்.

ஆனால் வாக்காளர் அட்டையைக் காட்டினால் ஆதார் மையத்தில் பிறந்த தேதியை மாற்ற மாட்டார்கள். அங்கே கேட்பது பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மதிப்பெண் சான்றிதழ் போன்றவை. படிக்காதவருக்கு இவற்றில் எட்டக்கூடியது பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதற்கு முதல் வேலை, பிறப்பு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடுவது. வீட்டில் பிறந்தால் பதிவு இருக்காது என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கிராம முன்சீப்கள் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதினார்கள். பழைய கிராமப் பதிவேடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். அம்மா பிறந்த கிராமம், அவருடைய தந்தையின் பெயர், ஆண்டு இந்த மூன்றும் வேண்டும். பிறந்தது தாய்வீட்டு ஊரிலா, பாட்டனார் ஊரிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலரும் வேறு கிராமத்தின் பதிவேட்டைத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். அம்மாவின் பெயரையும் தேடாதீர்கள், அது இருக்காது. "இன்னார், பெண்" என்று தந்தை பெயரும் குழந்தையின் பாலும் மட்டுமே இருக்கும். 1953 என்றால் முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகள் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

கிடைத்தால் பெயர் சேர்ப்பதோடு வேலை முடியும். கிடைக்காவிட்டால் பதிவு இல்லை என்பதற்குச் சான்று வாங்கி, காலங்கடந்த பதிவுக்குக் கோட்டாட்சியரிடம் மனுப் போட வேண்டும். அங்கேதான் பழைய வாக்காளர் அட்டையும் அக்காவின் மாற்றுச் சான்றிதழும் செல்லும். அலுவலகத்தில் சிரிப்பை வரவழைத்த அதே கணக்கை மனுவில் ஒரு பத்தியாக எழுதுங்கள். முதல் பிள்ளை பிறந்தபோது தாய்க்கு ஏழு வயது என்று ஆகிறதே என்பதைப் படித்துவிட்டு எந்த அதிகாரியும் 1969-ஐ உண்மை என்று எழுத மாட்டார்.

இன்னொன்று. சாதாரண ஆதார் மையத்தில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்த முடியும். யாரோ ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொல்லும் காகிதத்தில் அந்த ஒரு வாய்ப்பைத் தொலைத்துவிடாதீர்கள்.

கடலோரத்து செல்வி

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பாவுக்கு ஆண்டு தெரியாது, ஆனால் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. பங்குத்தந்தை பழைய தடித்த நோட்டை எடுத்து விரலால் தேடிக்கொண்டே வந்தார். வரிகள் எல்லாம் இலத்தீன். ஓரிடத்தில் நிறுத்தித் தாத்தா, பாட்டி பெயர்களை வாசித்தார், சரியாக இருந்தது. அப்பா பெயரை வாசித்ததும் நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது வேறு பெயர். ஊர் முழுக்க அழைக்கும் பெயர் வீட்டில் வைத்த செல்லப்பெயர் என்று அவருக்கே எழுபது வயதில்தான் தெரிந்தது. "அப்படியென்றால் இத்தனை காலம் நான் யார்?" என்று சிரித்தார்.

அந்த நோட்டால் பதிவு உத்தரவு கிடைத்தது. ஆனால் இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று நிரூபிக்கத்தான் அதிகம் அலைந்தோம். சான்றிதழில் வரும் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று மனுப் போடும்போதே பாருங்கள். ஆய்வாளர் ஐயா இதைச் சொல்லவில்லை.

சூளைமேடு சேகர்

ஓய்வூதியம் என்றால் வைப்பு நிதி அலுவலகத்தில் கேளுங்கள். என் தந்தைக்கு அங்கேதான் தேதிச் சிக்கல். 2024 ஜனவரியில் பிறந்த தேதிக்கு ஆதார் செல்லாது என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. சிவில் சர்ஜன் மருத்துவச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்து முடித்தோம். நீங்களும் அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கினால் போதுமே, எதற்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும்?

ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர்

சேகர், அது தொழிலாளர் ஓய்வூதியம். இவர் கேட்பது வருவாய்த்துறை கொடுக்கும் மாதம் 1,200 ரூபாய். விதியும் வேறு, அலுவலகமும் வேறு.

சூளைமேடு சேகர்

ஆதார் தேதிக்குச் சான்றல்ல என்று அவர்களே சொல்லும்போது இவர்கள் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது ஏன் என்பதுதான் என் கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

மாத்திரைப் பெட்டி

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வயதுச் சான்று கேட்டு வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன். இருபது வயதுக்கு உட்பட்டவர் என்றால் எலும்பின் முனைகள் இணைந்திருப்பதை எக்ஸ்ரேயில் பார்த்து ஓரளவு சொல்லலாம். அறுபதைத் தாண்டியவருக்கு அந்தக் கணக்கெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. பல், தோல், கருவிழி ஓரத்து வளையம் இவற்றைப் பார்த்து மருத்துவர் "தோற்றத்தில் அறுபத்தைந்துக்கு மேல்" என்று எழுதுவார். எந்தக் காகிதமும் இல்லாதவருக்கு அது உதவும். ஏற்கெனவே ஒரு தேதி எதிராக நிற்கும்போது அந்த வரிக்கு வலு குறைவு. வெயிலில் உழைத்த ஐம்பது வயதுப் பெண்ணும் எழுபதுபோல் இருப்பார் என்று எதிர்வாதம் வரும். வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நடுநிலையாளன்

எல்லாம் சரி. மகன் இருக்கிறார், பத்தி பத்தியாக எழுதுகிறார். அவர் அம்மாவுக்கு அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? இந்தத் திட்டம் ஆதரவற்றவர்களுக்கு.

உப்பளத்து மகன்

உப்பளத்தில் மழைக்காலம் முழுவதும் எனக்கு வேலை கிடையாது ஐயா. தகுதி இருக்கிறதா என்று அதிகாரி வந்து விசாரிக்கட்டும், நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் எங்கள் விண்ணப்பம் திரும்பியது மகன் இருப்பதால் அல்ல, வயதால்.

ஆய்வாளர் ஐயா, பெட்டியைப் புரட்டினேன். வாக்காளர் அட்டை கிடைத்தது. 1.1.1995 அன்று வயது 40 என்று போட்டிருக்கிறது. அன்றைக்கே நாற்பது நிறைந்திருந்தால் பிறந்தது 1954 என்றுதான் வரும். புயல் கணக்கோ 1953. இந்த ஓராண்டு வித்தியாசம் மனுவில் இடிக்குமா? சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுவதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அம்மா பிறந்தது தாத்தாவின் ஊரில் என்கிறார் பெரியம்மா, இல்லை எங்கள் ஊரில்தான் என்கிறார் மாமா. இரண்டு கிராமத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர்

ஓராண்டு இடிக்காது. வீடு வீடாக வந்து வயது கேட்டு எழுதியவர்கள் நாற்பது, நாற்பத்தைந்து என்று முழு எண்ணாகத்தான் எழுதுவார்கள். இடிப்பது பதினாறு ஆண்டுதான். மனுவில் 1953, 1954 என்று இரண்டையும் எழுதிக் குழப்பாதீர்கள். பதிவேடு கிடைத்தால் அதில் இருக்கும் தேதி. கிடைக்காவிட்டால் ஏதாவது ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து எல்லாக் காகிதத்திலும் அதையே எழுதுங்கள். மாமாவையும் பெரியம்மாவையும் விசாரணைக்கு ஒன்றாக அழைத்துப் போகாதீர்கள்.

கொடுமுடி ராசாத்தி

ஐயா, மாமியாரின் ஆதாரில் தேதியே இல்லை, பிறந்த ஆண்டு 1958 என்று மட்டும் இருக்கிறது. அதை வைத்தே மறுபடி விண்ணப்பிக்கலாமா, இல்லை நாங்களும் பதிவேடு தேட வேண்டுமா?