'லீடிங் கொஸ்டின்': தமிழில் என்ன சொல்லலாம்?

கலைச்செல்வி:
வணக்கம். மகளிர் குழுக்களுக்கான தொழிற்பயிற்சிக் குறிப்பேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் இடிக்கிறது. இட்லி மாவு விற்கும் மாணவி ஒருவர் தன் வாடிக்கையாளர்களிடம், "எங்கள் சுத்தமான, தரமான மாவு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார். எல்லோரும் 'ஆம்' என்றார்கள். மாவோ தினமும் மீந்தது. பதிலை உள்ளே வைத்துக் கேட்கும் இந்த வகைக் கேள்விக்கு 'வழிநடத்து வினா' என்று எழுதியிருக்கிறேன். வகுப்பில் அதை நல்ல கேள்வி என்றே புரிந்துகொள்கிறார்கள்.

பொன்னம்பலம்:
நன்னூலின் ஆறு வினாக்களில் இது எதிலும் அடங்காது. அறிவினாவில் கேட்பவருக்கு விடை தெரியும். இங்கே அவர் விடையை விரும்புகிறார், அவ்வளவுதான். "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்கிறது தொல்காப்பியம். 'வழுவினா' என்றே வைக்கலாம்.

இளங்கோ:
ஐயா, வழக்கறிஞனாக மறுக்கிறேன். 2024 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 141ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது: கேட்பவர் எதிர்பார்க்கும் பதிலைச் சுட்டும் கேள்வி. குறுக்கு விசாரணையில் அதற்கு அனுமதி உண்டு. அனுமதித்ததை வழு என்பதா? 'சுட்டு வினா' பொருந்தும்.

பொன்னம்பலம்:
சுட்டெழுத்தும் வினாவெழுத்தும் அடுத்தடுத்துப் படிக்கும் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

செல்வம்:
அடைமொழியை எடுத்துவிட்டால் போதுமே, எதற்குப் புதுச்சொல்? என் பேக்கரியில் "விலை அதிகமா, குறைவா?" என்று மட்டும்தான் கேட்டேன். பலரும் அதிகம் என்றார்கள். குறைத்தேன், விற்பனை ஏறவில்லை.

பொன்னம்பலம்:
ஒரு விரலை மட்டும் காட்டி "சிறியதோ, பெரியதோ?" என்று கேட்பதை வினா வழுவுக்கு உதாரணமாகப் பள்ளியில் படித்திருப்பீர்கள். எதைவிட அதிகம் என்று நீங்கள் கேட்கவில்லையே!

கலைச்செல்வி:
செல்வம் அண்ணா, விலை குறையுமா என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? கடைசியாக எப்போது வாங்கினார்கள், இடையில் வேறு கடையில் வாங்கியிருந்தால் எதற்காக என்று நடந்ததைக் கேட்டுப் பாருங்கள். மாவுக்கு நாங்கள் கேள்வியை இப்படி மாற்றினோம்: "கடைசியாக வாங்கிய மாவில் புளிப்பு எப்படி இருந்தது? அதிகம், சரியாக இருந்தது, குறைவு, கவனிக்கவில்லை." இரண்டு பக்கமும் சமமாக இடம் இருக்கிறது. அதிகம் என்று பலர் சொன்னால், காலையில் அரைப்பதை மதியத்துக்கு மாற்றலாம். என்ன பதில் வந்தால் என்ன செய்வோம் என்று முதலிலேயே எழுதிவைக்கச் சொல்வேன்; எதுவும் மாறாது என்றால் அந்தக் கேள்வியே வேண்டாம். ஒரு குறை மட்டும் இருக்கிறது. வாங்குவதை நிறுத்தியவர்கள் கடைக்கு வருவதில்லை. அவர்களை வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

இளங்கோ:
சரி, 'சாய்வு வினா'? ஒரு பக்கம் சாய்கிறது என்று யாருக்கும் புரியும்.

கலைச்செல்வி:
மூன்று பேர் தனிமடலிலும் இதையே சொன்னார்கள். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பொன்னம்பலம்:
அனுப்பியது அனுப்பியதுதான். ஆனாலும் 'சாய்வு' தன்வினை. கேள்வியா சாய்கிறது? பதில் சொல்பவரையல்லவா அது சாய்க்கிறது. 'சாய்ப்பு வினா' என்பதே சரி. அடுத்த பதிப்பில் திருத்துங்கள்.