வெயிலில் வெந்த கையில் வேக்சிங் செய்யலாமா?

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையம் அருகே எங்கள் தோட்டத்தில் மஞ்சள் வெட்டு நடந்தபோது, முழங்கை வரை மடித்த சட்டையுடன் ஒரு பகல் முழுவதும் நின்றதில், இரண்டு முன்கைகளும் சிவந்து எரிந்தன. இன்றுடன் ஆறு நாள் ஆகிறது. இன்னும் பத்து நாளில் தங்கையின் திருமணம் என்பதால் வேக்சிங் செய்யச் சென்றேன். அழகு நிலையத்தில் இருந்த அக்கா கையைத் தொட்டுப் பார்த்ததுமே, "தோலும் சேந்து வந்துரும் அம்மணி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். வெந்த தோலின் மேலடுக்கு ஏற்கெனவே பிடிப்பிழந்து உரியக் காத்திருப்பதால், மெழுகு முடியோடு அதையும் இழுத்துப் புண்ணாக்கிவிடும். வெறுமனே கறுத்த தோலுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் லேசருக்கு அதுவும் ஆகாது, ஏனெனில் தோலில் கூடியுள்ள நிறமியே ஒளியை உறிஞ்சிச் சூடாகும்.

இடது கையில் சிவப்பும் சூடும் அடங்கி, தோல் உரிந்து முடிந்துவிட்டது. வலது முழங்கையருகே இன்னும் உரிகிறது. வெந்நீர் பட்டால் சுரீரென்கிறது.

உரிதல் நின்றபின் எத்தனை நாள் பொறுத்தீர்கள்? இடது கையில் சிறிதளவு சோதித்துப் பார்க்கலாமா, அல்லது திருமணத்துக்கு டிரிம்மரால் கத்தரித்துக்கொள்வதே பாதுகாப்பா? முடி நீக்கும் கிரீமை யாரும் பரிந்துரைக்க வேண்டாம். புதுத்தோலில் அது எரியும்.