கலைச்சொல் விவாதம்: விளம்பரப் பயிற்சியில் ‘கன்வர்ஷன்’ என்பதற்குத் தமிழ்

பூங்கொடி, மதுரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் வணிகவியல் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் சேர்ந்து கூகுள் தேடல் விளம்பரத்தை நேரடியாகச் செய்து பழகப் போகிறோம். எல்லோரும் போட்டுச் சேர்த்தது 1,500 ரூபாய். விற்பதற்கு எங்களிடம் பொருள் எதுவும் இல்லை. அதனால் கிட்ஹப் பேஜஸில் காசில்லாமல் ஒரு மாதிரித் தளம் போட்டிருக்கிறோம். மாடித்தோட்டத்தில் எந்த மாதம் எதை விதைக்கலாம் என்று நான்கைந்து பக்கங்கள், கூடவே இறக்கிக்கொள்ள ஒரு பிடிஎஃப் அட்டவணை. அவ்வளவுதான் தளம்.

அடுத்து வரும் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடும் எழுதி வருகிறோம். அதில் ‘கன்வர்ஷன்’ என்ற இடத்தில் நின்றுவிட்டோம். அகராதி ‘மாற்றம்’ என்கிறது. ‘மாற்று விகிதம்’ என்று எழுதினால் ரூபாய்க்கு எத்தனை டாலர் என்று கேட்பதுபோல் இருக்கிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

முத்தையா, திருச்சி

அன்புள்ள பூங்கொடி,

வேரிலிருந்து பார்ப்போம். வெறுமனே வந்து போகிறவர் வாடிக்கையாளராக மாறுகிறார். ஆளின் நிலை மாறுகிறது. எனவே ‘நிலைமாற்றம்’. விகிதத்துக்கு ‘நிலைமாற்ற வீதம்’. இயற்பியலில் இதை ஒட்டிய சொற்கள் ஏற்கெனவே புழங்குவதால் மாணவர்களுக்குப் புதிதாகவும் இராது. புதுச்சொல் ஆக்கும்போது பழைய சொற்குடும்பத்தோடு ஒட்டி ஆக்குவதே முறை.

ஜெயபால், சின்னாளபட்டி

வணக்கம். நான் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறேன். இதற்குப் போய் எதற்கு இவ்வளவு யோசனை? ‘விற்பனை’ என்று போட்டால் முடிந்தது. நானும் கூகுளில் விளம்பரம் கொடுக்கிறேன். எனக்கு யாரும் இணையத்தில் பணம் கட்டுவதில்லை, போன் செய்து நிறம் கேட்டு, பிறகுதான் வாங்குகிறார்கள். மொத்தக் கடைக்காரர் கேட்டால் பேச்சு இரண்டு மூன்று நாள் இழுக்கும்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு யோசனை. தோட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு என்ன பழகுவது? சேலைப் படம் நாலு போட்டு, விலை போட்டு, ‘வாங்கு’ பொத்தானும் வைத்து ஒரு கடை மாதிரியே செய்யட்டும். அப்போதுதான் வியாபாரம் புரியும்.

ரிஸ்வான், கோவை

பூங்கொடி, முதலில் ஒன்று. ஜெயபால் அண்ணன் சொன்ன கடையைத் தயவுசெய்து போடாதீர்கள். இல்லாத பொருளை விற்பதாகக் காட்டும் தளம் கூகுளின் கொள்கையில் ஏமாற்று விளம்பரமாகக் கணக்காகும். விளம்பரம் நிராகரிக்கப்படுவதோடு நிற்காமல் கணக்கே முடக்கப்படலாம், மீட்பது கடினம். நீங்கள் செய்திருப்பதுதான் சரியான மாதிரித் தளம்: சொன்னதை உண்மையிலேயே கொடுக்கிறது. பக்கங்கள் வெறுமையாகவோ ‘விரைவில் வரும்’ என்றோ இருக்கக் கூடாது, அதுவும் நிராகரிக்கப்படும்.

இனி சொல். முத்தையா ஐயா சொன்னது வேரளவில் சரி. ஆனால் கூகுள் ஆளை எண்ணுவதில்லை, செயலை எண்ணுகிறது. ஒரே ஆள் அட்டவணையை மூன்று முறை இறக்கினால் அமைப்பில் நாம் எதைத் தேர்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மூன்றாகவும் எண்ணப்படும், ஒன்றாகவும் எண்ணப்படும். அந்த இடத்தில் `Every`, `One` என்று இரண்டு தேர்வு இருக்கும். உங்களுக்கு `One` போதும், ஒருவர் இரண்டாம் முறை இறக்குவதால் புதிய பயன் இல்லை. கடைக்காரருக்கு `Every` வேண்டும், இரண்டாவது சேலையும் காசுதானே. மூன்று முறை எண்ணப்பட்டவரின் நிலை மூன்று முறை மாறியது என்று எப்படிச் சொல்வது?

‘விற்பனை’யும் பொருந்தாது. அண்ணனுக்கே எண்ண வேண்டியது போன் அழைப்புத்தான். எதை எண்ணுவது என்று விளம்பரதாரர் தாமே முடிவு செய்கிறார், சொல் அதற்கு இடம் தர வேண்டும்.

பயிற்சிக்கு வருவோம். யூபிஐ வழியாக முன்பணம் 1,500 கட்டினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி அதிலிருந்தே கழியும். விளம்பரத்துக்கு மிஞ்சுவது சுமார் 1,271. நாளுக்கு 60 என்று வைத்தால் மூன்று வாரம் ஓடும். ஒரே நாளில் 120 வரை போனால் பதற வேண்டாம். நாள் தொகையின் இரு மடங்கு வரை ஒரு நாளில் செலவிட்டு, மாதக் கணக்கில் நேர் செய்வது கூகுளின் வழக்கம். ஏலமுறையில் `Maximize clicks` எடுத்து, ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய் உச்சவரம்பு போடுங்கள். கன்வர்ஷனை வைத்துத் தானாகக் கற்கும் ஏலமுறைகள் இந்தத் தொகைக்கு வேண்டாம், கற்க அவற்றுக்குத் தரவு போதாது.

சின்னத் தொகையை விழுங்குவன, முன்கூட்டியே தேர்வாகி வரும் இரண்டு அமைப்புகள். தேடல் விளம்பரத்தோடு, பிற தளங்களில் விளம்பரம் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் சேர்ந்து வரும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இடத்தேர்வில் மதுரையில் இருப்பவர்களோடு மதுரையில் ஆர்வமுள்ளவர்களும் சேர்ந்திருப்பார்கள். அதை `Presence` என்று மாற்றுங்கள்.

விளம்பரம் வருகிறதா என்று பார்க்க நீங்களே கூகுளில் தேடாதீர்கள். தேடிவிட்டுக் கிளிக் செய்யாமல் போனால் கிளிக் விகிதம் கெடும், கிளிக் செய்தால் காசு போகும். அதற்கென்றே கணக்குக்குள் `Ad Preview and Diagnosis` இருக்கிறது.

எதை எண்ணுவது என்பதைப் பணம் கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். தளத்தில் வருகிறவர்கள் செய்வதைப் பதிவு செய்யும் கூகுள் அனலிட்டிக்ஸின் குறியைத் தளத்தில் போட்டால் பிடிஎஃப் இணைப்பைத் தட்டும்போது `file_download` நிகழ்வு தானாகவே பதிவாகும். அதை முக்கிய நிகழ்வாகக் குறித்து, விளம்பரக் கணக்குக்குள் கன்வர்ஷனாகக் கொண்டுவாருங்கள். பக்கம் திறந்ததையே கன்வர்ஷனாக வைக்கும் தவறு புதியவர்களிடம் அதிகம். விகிதம் நூற்றை ஒட்டி வந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

தமயந்தி, யாழ்ப்பாணம்

வணக்கம். ரிஸ்வான் எழுதினதைப் பாத்த பிறகு எனக்கு ஒரு சொல் தோன்றுது: ‘கைகூடல்’. எண்ணின காரியம் கைகூடினது எண்டு எல்லாரும் சொல்லுறதுதான். ஆள் மாறத் தேவையில்லை, பொருள் விக்கத் தேவையில்லை. வினையாயும் வரும்: ‘இந்தக் கிளிக் கைகூடினது, மற்றது கைகூடேல்லை’. எழுத்தில ‘கைகூடல் வீதம்’, ‘ஒரு கைகூடலுக்கான செலவு’ எண்டு வைக்கலாம். கலைச்சொல் பெயராக மட்டும் நிண்டால் பிள்ளையள் பேச்சில ஆங்கிலத்துக்குத்தான் போவினம்.

பூங்கொடி, இன்னொண்டு. இஞ்சை நாங்கள் ‘வீட்டுத்தோட்டம்’ எண்டுதான் தேடுவம். உங்கடை கீவேர்டு பட்டியலில அது இருக்கோ?

முத்தையா, திருச்சி

தமயந்தி, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் ‘கைகூடல்’ என்பதில் நல்லூழ் என்ற சாயல் உண்டு. திருமணம் கைகூடியது என்போம், அதில் நம் முயற்சிக்கு மேலே ஏதோ ஒன்று இருக்கிறது. அளந்து கணக்கிடும் துறைக்கு அந்தச் சாயல் உதவுமா? ‘இலக்கெய்தல்’ என்றால் அந்தக் குறை இல்லை. ஆளையல்ல, செயலை எண்ணுகிறது என்ற ரிஸ்வானின் விளக்கத்தை ஏற்கிறேன். ‘நிலைமாற்ற’த்தை விட்டுவிடலாம்.

ரிஸ்வான், கோவை

ஐயா, ‘இலக்கு’ ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. இடம், வயது பார்த்து ஆட்களைத் தேர்வதை இலக்கிடுதல் என்கிறோம், மாத வருமானக் குறியையும் இலக்கு என்கிறோம். மூன்றாவது வேலையும் கொடுத்தால் கூட்டத்தில் குழப்பம் வரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2024 மார்ச்சில் கூகுள் அனலிட்டிக்ஸ் கன்வர்ஷன் என்ற பெயரை விட்டுவிட்டு `Key events` என்று மாற்றியது. விளம்பரக் கணக்கில் மட்டும் பழைய பெயர் நிற்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு சொல்.

பூங்கொடி, மதுரை

மூன்று வாரம் முடிந்து பணமும் தீர்ந்தது. நடந்ததைச் சொல்கிறேன், சொல்லைத் தீர்மானிக்க உதவும்.

302 கிளிக் வந்தன. விளம்பரக் கணக்கு காட்டும் கைகூடல் 19, அதாவது ஒன்றுக்கு சுமார் 67 ரூபாய். ஆனால் அனலிட்டிக்ஸ் 34 பதிவிறக்கம் என்கிறது. எது சரி என்று வகுப்பில் பெரிய வாக்குவாதம்.

முதல் வாரத்தில் நிறைய வீணானது. ‘மாடித்தோட்டம் மானியம்’ என்று தேடியவர்களுக்கெல்லாம் விளம்பரம் போனது. அவர்களுக்கு வேண்டியது அரசு தரும் உதவி, எங்கள் அட்டவணை அல்ல. ‘மானியம்’ என்பதை விலக்கினோம். அடுத்த நாள் ‘மானியத்தில்’ என்று வந்தது, பிறகு ‘மானியத்துக்கு’. `maadi thottam` என்று ஆங்கில எழுத்தில் தேடியவர்களும் கணிசம், அவர்கள்தாம் அதிகம் இறக்கினார்கள். தமயந்தி அக்கா, ‘வீட்டுத்தோட்டம்’ சேர்த்தோம். மதுரைக்குள் மட்டும் என்பதால் ஓரிரு கிளிக்தான் வந்தது.

இரண்டு விதமாக விளம்பரம் எழுதினோம். ‘மாத வாரியாக’ என்று தொடங்கியதில் 160 கிளிக், 11 கைகூடல். ‘இலவச அட்டவணை’ என்றதில் 142 கிளிக், 8 கைகூடல். முதலாவதுதான் வென்றது என்று கையேட்டில் எழுதலாமா?

ரிஸ்வான், கோவை

எழுத வேண்டாம். ஒன்று 7 விழுக்காட்டை ஒட்டி, மற்றது 6-க்குச் சற்றுக் கீழே. இந்த அளவு எண்ணிக்கையில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். இன்னும் இரண்டு பேர் இறக்கியிருந்தால் முடிவு தலைகீழ். 1,500 ரூபாயில் எந்த வாசகம் சிறந்தது என்று தெரிந்துகொள்ள முடியாது. எந்தத் தேடலுக்குக் காசு வீணாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள முடியும், அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். அதிலும் ஓர் எல்லை உண்டு: மிகச் சிலரே தேடிய சொற்களைக் கூகுள் காட்டாது, ‘பிற’ என்று மொத்தமாகப் போட்டுவிடும். சின்ன கணக்கில் அந்தப் பங்கு பெரிதாகத் தெரியும்.

19-ம் 34-ம் இரண்டுமே சரி. அனலிட்டிக்ஸ் நேரடியாக வந்தவர்கள், நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய நண்பர்கள் எல்லோரையும் எண்ணும், ஒரே ஆள் திரும்ப இறக்கியதையும் எண்ணும். விளம்பரக் கணக்கு தன் கிளிக்கால் வந்ததை மட்டும் எண்ணும். தேதியும் வேறுபடும். திங்களன்று கிளிக் செய்தவர் புதனன்று இறக்கினால் விளம்பரக் கணக்கில் அது திங்களில் விழும், அனலிட்டிக்ஸில் புதனில் விழும். அடுத்த முறை வாட்ஸப் இணைப்புக்கு இப்படி வால் சேர்த்து அனுப்புங்கள், தனியாகத் தெரியும்:

```
?utm_source=whatsapp&utm_medium=social&utm_campaign=attavanai
```

விலக்கும் சொற்களைப் பொறுத்தவரை, கூகுள் அவற்றின் வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களைத் தானாக விலக்காது. தமிழில் ஒவ்வொரு வடிவத்தையும் நாமேதான் சேர்க்க வேண்டும். மாடித்தோட்டம், மாடி தோட்டம், மாடித் தோட்டம் மூன்றையும் தனித்தனியே போடுவதுபோலத்தான்.

ஜெயபால், சின்னாளபட்டி

ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்கள் அதிகம் என்று அந்தப் பெண் சொன்னதும் என் கணக்கைப் பார்த்தேன். `sungudi` என்ற ஒரே வடிவம்தான் போட்டிருக்கிறேன். `chungudi` என்றும் எழுதுவார்களே, அதையும் சேர்க்கிறேன். பேரம் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறவர்களையும் கைகூடியதாகவா எண்ணுவது?

ரிஸ்வான், கோவை

அண்ணே, அழைப்பு எத்தனை நொடி நீடித்தால் எண்ணுவது என்று அமைப்பிலேயே வைக்கலாம். உடனே வைப்பவர்கள் அதில் கழிந்துவிடுவார்கள். பேசிவிட்டு வாங்காமல் போனவர்களைக் கூகுளால் அறிய முடியாது, அது உங்கள் நோட்டில்தான் இருக்கும்.

பூங்கொடி, மதுரை

கையேட்டில் இப்போதைக்கு விளம்பரக் கணக்குக்குக் ‘கைகூடல்’, அனலிட்டிக்ஸுக்கு ‘முதன்மை நிகழ்வு’ என்று எழுதுகிறோம். முத்தையா ஐயாவின் மறுப்பையும் அடிக்குறிப்பில் சேர்க்கிறோம். விலக்கும் கீவேர்டுக்கு ‘விலக்குச்சொல்’ என்று வைத்திருக்கிறோம், வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.

முத்தையா, திருச்சி

‘விலக்குச்சொல்’ நன்று. அடிக்குறிப்பும் போதும். ஆனால் இலக்கணத்தில் ‘விலக்கு’ என்பதை அணிப் பெயராகவும் படித்திருக்கிறோம், அதைப் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன். ‘கைகூடல்’ குறித்து இன்னும் எனக்கு உடன்பாடு இல்லை.